7 வரிசை, 24 கட்டம்: கைக்குழந்தையின் ஒரு வாரம்

முதல் குழந்தை பிறந்த வீடுகள் பலவற்றில் தலைமாட்டில் ஒரு நோட்டு கிடக்கும். 'காலை 6.10 பால். 6.50 தூங்கினான். 8.20 எழுந்தான். 8.30 பால்' என்று ஒன்றின் கீழ் ஒன்றாக நேரம் எழுதிக்கொண்டே போவார்கள். வாரக் கடைசியில் நான்கைந்து பக்கம் சேர்ந்துவிடும். "குழந்தை எப்பப்போ பால் குடிக்குது, எப்பப்போ தூங்குது?" என்று டாக்டர் கேட்டால், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே "அதுக்கு நேரங்காலமே இல்ல டாக்டர்" என்பார் தாய். எழுதியதில் தப்பு ஏதுமில்லை. செவ்வாய்க்கிழமை மாலை 7 மணி ஒரு பக்கத்தில் இருக்கிறது, புதன்கிழமை மாலை 7 மணி இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை.

அதே விவரத்தைக் கட்டம் போட்டு எழுதினால் கதையே வேறு. ஒரு பெரிய தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, நாளுக்கு ஒரு வரிசையாக 7 வரிசை போடுங்கள். மணிக்கு ஒன்றாக 24 கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் ஒரு சின்னக் கோட்டால் பிரித்தால் அரை மணிக் கணக்கு கிடைக்கும். அதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை. முதல் கட்டம் நள்ளிரவு 12 ஆக வேண்டாம், காலை 6 ஆக இருக்கட்டும். நள்ளிரவில் தொடங்கினால் ஒரே ராத்திரி இரண்டாக வெட்டுப்பட்டு, பாதி ஒரு வரிசையிலும் பாதி அடுத்த வரிசையிலும் போய்விடும். காலை 6-ல் தொடங்கினால் இரவு முழுவதும் வலது பக்கத்தில் ஒரே துண்டாக வந்து உட்காரும்.

குறியீடுகளும் குறைவாக இருக்க வேண்டும். தூங்கிய நேரத்தைப் பென்சிலால் தீட்டிவிடலாம். பால் கொடுக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு புள்ளி. புட்டிப்பால் என்றால் புள்ளிக்குப் பக்கத்தில் எத்தனை மில்லி என்று எழுதலாம். வலது ஓரத்தில் இரண்டு கட்டம் தனியாக விட்டு, ஒன்றில் சிறுநீர் போன ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு, மற்றதில் மலம் கழித்ததற்கு ஒரு வட்டம். குளிப்பாட்டியது, உடம்பு பிடித்துவிட்டது, சாம்பிராணி காட்டியது என்று எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாளே தாள் கைவிடப்படும்.

இப்படிக் கட்டம் போட்டுப் பார்ப்பது ஆராய்ச்சியாளர்களும் செய்ததுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தூக்கத்தை ஆராய்ந்த நத்தானியேல் கிளைட்மன், எங்கல்மன் என்பவரோடு சேர்ந்து 1953-ல் வெளியிட்ட ஒரு படம் தூக்க ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு குழந்தைக்கு, கேட்டபோதெல்லாம் பால் கொடுத்து, பிறந்த 11-ஆம் நாளிலிருந்து 182-ஆம் நாள் வரை எடுத்த பதிவு அது. நாளுக்கு ஒரு வரி, தூக்கத்துக்குக் கோடு, பாலுக்குப் புள்ளி, விழிப்புக்கு இடைவெளி. மேலே இருக்கும் முதல் சில வாரங்களைப் பார்த்தால் கோடும் புள்ளியும் இறைத்துவிட்டது போல இருக்கும். கொஞ்சம் கீழே வந்தால் தூக்கம் பட்டை பட்டையாகச் சேர்கிறது. ஆனால் அந்தப் பட்டை நேராக நிற்காமல் சாய்ந்து ஓடுகிறது. அதாவது குழந்தையின் நாள் 24 மணியைவிடச் சற்று நீளமாக இருந்து, தூக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகிறது. நான்கைந்து மாதம் ஆகும்போது பட்டை நிமிர்ந்து, இரவு இரவாகவும் பகல் பகலாகவும் பிரிந்துவிடுகிறது.

'நேற்று ராத்திரி 11 மணிக்குத் தூங்கினான், இன்றைக்கு 12 ஆகியும் தூங்கவில்லை, நான் என்ன தப்பு செய்தேன்' என்று தவிக்கும் தாய் பார்க்க வேண்டிய படம் இது. குழந்தைக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் வெளியுலகின் வெளிச்சத்தோடும் இருட்டோடும் ஒத்துப்போகவில்லை. நாளுக்கு நாள் பார்த்தால் அது குழப்பமாகத் தெரிகிறது. வரிசைகளை அடுக்கிப் பார்த்தால் அந்தக் குழப்பத்துக்கும் ஒரு போக்கு இருப்பது புலப்படுகிறது.

சரி, நம் ஊர் வீடு ஒன்றுக்கு வருவோம். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண். முதல் குழந்தை, ஆண். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது ஆறு வாரம். தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வாரமாக அந்தி சாய்ந்தால் போதும், வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. குடித்துவிட்டு இறக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி அழுகை, மறுபடி மார்பு தேடல். "உனக்குப் பால் பத்தலடி, அதான் இப்படிக் கத்துறான். ராத்திரிக்கு ஒரு வேளை டின் பால் கரைச்சுக் குடுப்போம்" என்கிறார் பாட்டி. பெண்ணுக்கும் அதே சந்தேகம் இருக்கிறது. முதல் மாதத்தில் கல்லாகக் கட்டிக்கொண்டிருந்த மார்பு இப்போது துவண்டு கிடக்கிறது, பால் வற்றிவிட்டதோ என்று உள்ளுக்குள் பயம். வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர், "ஒரு வாரம் கட்டம் போட்டு எழுதும்மா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிப் போகிறார். அந்தத் தாளைச் சுருக்கி, மணிக்கு ஒரு குறியாகக் கீழே கொடுத்திருக்கிறேன். கறுப்புக் கட்டம் தூக்கம், வட்டப் புள்ளி பால், சிறு புள்ளி விழிப்பு. ஒரு மணிக்குள் பாலும் தூக்கமும் இரண்டும் வந்தால் பாலுக்கே இடம். மேலே உள்ள எண்கள் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. இடது பக்கம் இருப்பது நாள்.

```
   6      12     6      12
1  ●■■●■· ●■■●■● ●●·●■■ ■●■■●■
2  ●■·●■■ ●■■●·● ●·●●■■ ■●■■●■
3  ■●■■●· ■●■·●■ ●●●·●■ ■■●■■●
4  ●■■●·· ●■■■●· ●·●·●· ●■■●·●
5  ●■■●■· ●■■●■● ●●●●■■ ■●■■●■
6  ■●■■●■ ·●■■●· ●●·●■■ ■●■■●■
7  ●■■●■· ●■■●·● ●·●●■■ ■■●■■●
```

இதை இடமிருந்து வலமாக வரி வரியாகப் படிக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மேலிருந்து கீழாகப் பாருங்கள். மாலை 5-லிருந்து இரவு 10 வரை உள்ள கட்டங்களில் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு நாளில் அவன் குடிக்கும் 10 முறையில் ஏறத்தாழ 4 முறை இந்தச் சில மணி நேரத்துக்குள் விழுகிறது. காலையிலும் மதியத்திலும் பாருங்கள்: புள்ளி, இரண்டு கட்டம் தூக்கம், மறுபடி புள்ளி என்று மூன்று மணிக்கு ஒருமுறை சாவகாசமாகப் போகிறது. பால் பற்றாத குழந்தை மதியம் 12 மணிக்குக் குடித்துவிட்டு 3 மணி வரை நிம்மதியாகத் தூங்காது. பசி தீராத பிள்ளைக்கு நாள் முழுக்கவே பசி தீராது. இவனுடைய ரகளைக்கு ஒரு நேரம் இருக்கிறது, அது அந்தி நேரம்.

இது இந்தக் குழந்தைக்கு மட்டும் உள்ள குணமும் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன், 80 குழந்தைகளின் அழுகையை அவற்றின் தாய்மார்களை நாட்குறிப்பாக எழுதச் சொல்லி, 1962-ல் முடிவுகளை வெளியிட்டார். நோய் ஏதுமில்லாத குழந்தைகளின் அழுகை பிறந்ததிலிருந்து கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைந்தது. உச்சத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டேமுக்கால் மணி நேர அழுகை. அதில் பெரும்பங்கு மாலையிலும் முன்னிரவிலும். அந்த நேரத்தில் குழந்தை அடுத்தடுத்துக் குடிப்பதும் வழக்கம்தான். இடைவெளி குறைவாகக் கொடுக்கும்போது மார்பு முழுக்க நிறைந்திருக்காது, ஒரு முறைக்கு வரும் பாலும் குறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பாலில் கொழுப்புச்சத்து கூடுதல். மார்பு துவண்டு போவதும் ஆறு வார வாக்கில் இயல்பாக நடப்பது. கட்டிக்கொண்டால்தான் பால் இருக்கிறது என்று பொருள் இல்லை.

அந்தியில் அழுவது இயல்பு என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அதற்குத்தான் வலது ஓரத்துக் கட்டங்கள். ஏழு நாளும் சிறுநீர்க் கோடுகள் 7, 6, 8, 6, 7, 7, 8. பிறந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 முறையாவது துணி நன்றாக நனைய வேண்டும் என்பதுதான் கணக்கு. இங்கே ஒரு நாளும் அதற்குக் கீழே போகவில்லை. நான்காம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்தபோது 3.8 கிலோ. பிறந்த முதல் சில நாளில் குழந்தைகள் கொஞ்சம் எடை இழந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவார்கள். அதன் பிறகான ஒரு மாதத்தில் 900 கிராம் ஏறியிருக்கிறது என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம். முதல் மூன்று மாதத்தில் 20 முதல் 30 கிராம் ஏறினாலே போதும். டின் பால் தேவைப்படவில்லை. தேவையில்லாமல் கொடுத்திருந்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். பாட்டியின் பயம் அப்புறம் நிஜமாகவே ஆகிவிடும்.

இந்தத் தாளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, தாய்க்கு அதுதான் உடனடி லாபம். இரவு 10, 11, 12 மணிக் கட்டங்களை மேலிருந்து கீழாகப் பாருங்கள். கறுப்பாக இருக்கின்றன. அந்தி ரகளை முடிந்த கையோடு குழந்தை மூன்று மணி நேரம், ஏழாம் நாளில் நான்கு மணி நேரம், ஒரே மூச்சாகத் தூங்குகிறான். 24 மணி நேரத்தில் அவனுடைய மிக நீண்ட தூக்கம் இதுதான், ஏழில் ஆறு நாள் அப்படி. இந்தப் பெண்ணோ அப்போதுதான் 'அப்பாடா' என்று எழுந்துபோய்ச் சாப்பிட்டு, துணி மடித்து, கணவரிடம் போனில் பேசி, 11.30 மணிக்குப் படுத்துக்கொண்டிருந்தாள். 1 மணிக்குப் பையன் எழுப்பிவிடுவான். ஆக, அவன் மூன்று மணி தூங்கியதில் அவளுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி. தாளைப் பார்த்த பிறகு சாப்பாடு ஏழரைக்கு மாறியது, அதுவும் பிள்ளை மடியில் இருக்கும்போதே பாட்டி ஊட்டிவிட்டு. துணி மடிப்பது தாத்தா பொறுப்பு. பையன் கண் மூடியதும் அவளும் படுத்தாள். ஆறு வாரத்துக் குழந்தையின் தூக்கத்தை நம் வசதிக்கு நகர்த்த முடியாது. பெரியவர்களின் வேலையை நகர்த்தலாம்.

நான்காம் வரிசை மட்டும் ஏன் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கிறது? அது ஆறு வாரத் தடுப்பூசி போட்ட நாள். பகலில் ஊசி போட்டு வந்த அசதியில் 1 மணியிலிருந்து 4 வரை தூங்கினான், இரவு விட்டுவிட்டு விழித்தான். தாளில் அந்த வரிசைக்கு எதிரே 'ஊசி' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்ததால் யாரும் குழம்பவில்லை. ஒரு நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது, இரண்டு நாள் ஒத்துப்போனாலும் தற்செயலாக இருக்கலாம். ஏழில் ஐந்து, ஆறு நாள் ஒரே கட்டத்தில் ஒரே குறி வந்தால்தான் அதை நம்பலாம். ஊர்ப் பயணம், விருந்தாளி வருகை, காய்ச்சல், மின்வெட்டு போன்ற நாட்களை அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு சொல்லால் குறித்துவிட்டால் போதும்.

இதே கட்டம் ஆபத்தையும் காட்டும், ஆனால் அந்த ஆபத்து பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் சிக்கல். பிறந்து பத்து நாளான குழந்தையின் தாளில் நீள நீளமாகக் கறுப்புப் பட்டை இருக்கிறது, பால் புள்ளிகள் ஐந்தோ ஆறோதான், அழுகையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் "சமர்த்துப் பிள்ளை, தொந்தரவே இல்ல" என்று கொஞ்சுவார்கள். முதல் சில வாரங்களில் குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். 6 முறை மட்டும் குடித்து, ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கும் பச்சிளங்குழந்தைக்குப் போதிய பால் போகாமல் இருக்கலாம், அல்லது மஞ்சள் காமாலையால் சோர்ந்து கிடக்கலாம். குடிக்காததால் தெம்பு குறைந்து, தெம்பு குறைந்ததால் எழுந்து கேட்காமல், கேட்காததால் இன்னும் குடிக்காமல் போகும். அந்தத் தாளின் வலது ஓரத்தைப் பார்த்தால் கோடுகள் நாளுக்கு நாள் 6, 5, 4 என்று இறங்கியிருக்கும். அப்போது வாரம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அப்படித்தான்.

மலத்துக்கான வட்டங்கள் வயதுக்கு ஏற்ப அர்த்தம் மாறும். முதல் மாதத்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் மூன்று நான்கு முறை போவது சாதாரணம். ஆறு வாரத்துக்குப் பிறகு அதே குழந்தை பல நாள் போகாமலும் இருக்கும். மலம் இளகலாக இருந்து, குழந்தை நன்றாகக் குடித்து, சிறுநீர்க் கோடுகள் குறையாமல் இருந்தால், வெற்று வட்டக் கட்டத்தைப் பார்த்து விளக்கெண்ணெய் தேடிப் போக வேண்டியதில்லை.

தாளை நிரப்புவதில் அடிக்கடி நடக்கும் தவறு, இடைவெளியைக் கணக்கிடும் விதம். 2 மணிக்குக் குடிக்கத் தொடங்கி 2.40-க்கு முடித்து, மறுபடி 4 மணிக்குக் கேட்டால், இடைவெளி எவ்வளவு? தொடக்கத்திலிருந்து தொடக்கம் என்று எண்ண வேண்டும், அதாவது 2 மணி நேரம். முடித்த நேரத்திலிருந்து எண்ணினால் 1 மணி 20 நிமிடம்தான் வரும். 'ஒரு மணிக்கு ஒருமுறை கேட்கிறான், பால் பத்தவில்லை' என்ற பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் கிளம்புகிறது. பகலில் தாயும் இரவில் பாட்டியும் எழுதும் வீட்டில், ஒருவர் தொடக்கத்தையும் மற்றவர் முடிவையும் குறித்தால் தாளில் இல்லாத ஒழுங்கும் தெரியும், இருக்கிற ஒழுங்கும் மறையும். அதனால்தான் புள்ளி எப்போதும் தொடக்கத்தில்.

அடுத்த தவறு, காலையில் எழுந்து நினைவிலிருந்து இரவை நிரப்புவது. தூக்கம் கெட்ட மூளைக்கு மூன்று விழிப்பு ஐந்தாகத் தோன்றும், 40 நிமிடம் இரண்டு மணி நேரமாகத் தோன்றும். இரவில் விளக்குப் போட்டுத் தாளைத் தேட வேண்டாம். தலையணைக்குப் பக்கத்தில் போனில் மணியைப் பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் '1.10' என்று மட்டும் கிறுக்கி வைத்தால் காலையில் கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். போனிலேயே இதைச் செய்யும் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் வாரத்தைக் கட்டமாகக் காட்டும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் பட்டியலாகவும் சராசரியாகவும் காட்டும் செயலிக்கும் தலைமாட்டு நோட்டுக்கும் வித்தியாசமில்லை. 'சராசரி இடைவெளி 2 மணி 24 நிமிடம்' என்று ஒரு எண் வந்தால், நம் பையனின் மூன்று மணிக் காலையும் ஒரு மணி மாலையும் அதற்குள் கரைந்து காணாமல் போய்விடும். எனக்குச் சுவரில் ஒட்டிய தாள்தான் பிடிக்கும். பாட்டியும் பார்க்கலாம், விடுமுறையில் வரும் அப்பாவும் பார்க்கலாம், செவிலியரும் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம்.

மார்பில் எத்தனை நிமிடம் குடித்தான் என்பதை எழுதச் சொல்பவர்களும் உண்டு. நான் அதைச் சேர்க்கவில்லை. ஒரு குழந்தை 8 நிமிடத்தில் வயிறு நிறையக் குடித்துவிடும், இன்னொன்று 35 நிமிடம் சப்பிக்கொண்டே கண்ணயரும். நிமிடத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது. அளவைத் துணியின் ஈரமும் தராசும்தான் சொல்லும்.

தாள் குழந்தையைப் பார்த்து எழுதப்பட வேண்டும். தாளைப் பார்த்துக் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. 'போன வாரம் 3 மணிக்குத்தான் குடித்தான், இப்போது 2 தானே ஆகிறது' என்று காக்க வைப்பது தவறு. தலையைத் திருப்பி வாய் திறந்து தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது ஆகியவைதான் பசியின் அடையாளம். அழுகை வருவது அதற்கெல்லாம் பிறகு. வளரும் வேகத்தில் திடீரென்று ஓரிரு நாள் புள்ளிகள் கூடினாலும் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஒரு வாரம் எழுதினால் நிறுத்திவிடலாம். மாதக் கணக்கில் தொடர்ந்து எழுதும் தாய்மார்கள் குழந்தையைவிடத் தாளையே அதிகம் பார்க்க நேரிடும், ஒரு வெற்றுக் கட்டம்கூடப் பதற்றத்தைக் கிளப்பும். எடை ஏறவில்லை, அல்லது டாக்டர் கேட்டிருக்கிறார் என்றால் மட்டும் தொடரலாம். மற்றபடி அடுத்த தாளை மூன்று மாதம் முடிந்ததும், அதற்கடுத்ததை ஆறாவது மாதம் கூழும் மசியலும் தொடங்கும்போதும் போட்டுப் பழைய தாளுக்குக் கீழே ஒட்டுங்கள். மூன்று மாதத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது மாலை 5 முதல் இரவு 10 வரை உள்ள அதே கட்டங்கள். அங்கே புள்ளிகள் கலைந்திருக்கும், இரவுப் பட்டை நீண்டிருக்கும், பகல் தூக்கம் சின்னச் சின்னத் துண்டாக ஆகியிருக்கும். அப்படி ஆகாமல் அந்தி ரகளை ஆறு வாரத்தில் இருந்தது போலவே நீடித்தால், இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பால் ஒவ்வாமையா, குடித்தது எதுக்களிக்கிறதா என்று அவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாள்களிலேயே பதில் இருக்கும்.